காலை 6 மணி யோகாவுக்கு முன் என்ன சாப்பிடலாம்?

காலை 6 மணிக்கு யோகா என்றால், வெறும் வயிறுதான் நல்லது என்று பலர் சொல்வார்கள். பலருக்கு அது ஒத்துவரும். ஆனால் முந்தைய இரவு 7 மணிக்கே சாப்பிட்டு முடித்தவருக்கு அது 11 மணி நேரப் பட்டினி. ஆறாவது சூரிய நமஸ்காரத்தில் குனிந்து நிமிரும்போது கண் லேசாக இருட்டினால், காரணம் இதுவாக இருக்கலாம்.

சரி, என்ன செய்யலாம்? ஐந்தேகாலுக்கு எழுந்ததும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாகக் குடியுங்கள். ஐந்தரைக்குள் பாதி வாழைப்பழம் அல்லது இரண்டு பேரீச்சம்பழம். அவ்வளவு போதும். இவற்றில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் வயிற்றில் அதிக நேரம் தங்காது.

பாதாம், வேர்க்கடலை, பால் எல்லாம் சத்தானவைதான், ஆனால் அந்த நேரத்துக்கு அல்ல. கொழுப்பும் புரதமும் செரிக்க நேரமாகும். அதோமுக ஸ்வானாசனத்தில் தலை கீழே போகும்போது புளித்த ஏப்பமோ நெஞ்செரிச்சலோ வந்தால், சாப்பிட்டது இன்னும் இறங்கவில்லை என்று பொருள். மறுநாள் அளவைக் குறையுங்கள், அல்லது கால் மணி நேரம் முன்னதாகச் சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் காபி குடித்தாலும் சிலருக்கு இதே தொல்லைதான்.

இட்லி, பொங்கல் எல்லாம் யோகா முடிந்து அரை மணி நேரம் கழித்து. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் இந்த நேரக் கணக்கை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.