“அப்பா டிரைவர் இருக்கிறார்”: தமிழில் ‘இருக்கிறார்’ எங்கே வரக்கூடாது?

மொரிஷியஸில் ரோஸ் ஹில் என்ற ஊரில் சனிக்கிழமை தோறும் பெரியவர்களுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் படித்தவர்கள், எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரியும், ஆனால் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் முதல் வாரத்திலேயே ஒரு தவறு எட்டிப் பார்க்கும். போன மாதம் சென்னையிலிருந்து என் அத்தை வந்திருந்தார். வகுப்பில் ஒரு மாணவி ஆசையாக அவரிடம் பேசினார்: “என் அப்பா டிரைவர் இருக்கிறார்.” அத்தை உடனே வாசலைப் பார்த்து, “அப்படியா, வெளியிலேயே நிற்கிறாரா? உள்ளே வரச் சொல்லும்மா” என்றார். மாணவிக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தை காதில் விழுந்தது ‘அப்பாவுடைய டிரைவர் இங்கே இருக்கிறார்’ என்பதுதான். மாணவி சொல்ல நினைத்ததோ, தன் அப்பா ஒரு டிரைவர் என்று.

இந்த ஒரு தவறை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம். நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

படி 1: வினைச்சொல் இல்லாமலே நிறுத்திப் பாருங்கள்

அவர் என் அப்பா. இது என் வீடு. என் பெயர் தேவி. நீங்கள் யார்? இன்று சனிக்கிழமை.

இந்த ஐந்தும் முழு வாக்கியங்கள். எதுவும் விட்டுப்போகவில்லை, எதையும் சுருக்கவும் இல்லை. ‘அப்பா’ என்ற பெயர்ச்சொல்லே வாக்கியத்தை முடித்துவைக்கிறது. இலக்கணத்தில் இதற்குப் பெயர்ப் பயனிலை என்று பெயர். ஆங்கிலத்தில் இந்த இடத்தில் ‘இஸ்’ இல்லாமல் முடியாது, பிரெஞ்சில் ‘ஏ’ இல்லாமல் முடியாது, அதனால் பள்ளிப் பழக்கத்தில் கை தானாகவே ‘இருக்கிறது’ என்று எழுதிவிடுகிறது.

ஆனால் நம் வீட்டு மொழியைக் கொஞ்சம் கவனியுங்கள். கிரியோலில் ‘லி மோ ஃப்ரேர்’ என்கிறோம். அதில் எங்கே வினைச்சொல்? அதை அப்படியே சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘அவன் என் அண்ணன்’, அவ்வளவுதான். ஆகவே தமிழ் எழுதும்போது பள்ளிக்கூடத்து பிரெஞ்சை ஒதுக்கிவிட்டு, சமையலறையில் பேசும் கிரியோலை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படிக்கு மட்டும் அது சரியான வழிகாட்டி. அடுத்தடுத்த படிகளில் அதுவே கவிழ்த்துவிடும், சொல்கிறேன்.

படி 2: ‘அல்ல’ போட்டுப் பாருங்கள்

எங்கே விட வேண்டும், எங்கே ‘இருக்கிறது’ வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாக்கியத்தை மறுத்துச் சொல்லிப் பாருங்கள்.

‘அவர் டிரைவர் அல்ல.’ சரியாக நிற்கிறது. அப்படியானால் ஆமாம் என்று சொல்லும் வாக்கியத்தில் வினை வராது: ‘அவர் டிரைவர்.’

‘கடையில் பால் அல்ல.’ இது நிற்கவில்லை. ‘கடையில் பால் இல்லை’ என்றுதான் சொல்ல முடியும். அப்படியானால் ஆமாம் என்று சொல்லும்போது ‘கடையில் பால் இருக்கிறது’.

காரணம் எளிது. முதல் வாக்கியம் ‘இவர் யார், இது என்ன’ என்பதற்குப் பதில். இரண்டாவது ‘உண்டா, எங்கே’ என்பதற்குப் பதில். தமிழில் ‘இரு’ என்ற வினைக்குத் தங்குவது, ஓரிடத்தில் இருப்பது என்றுதான் பொருள். இரண்டு பெயர்களை ஒட்டவைக்கும் பசை வேலை அதனுடையது அல்ல. அத்தை வாசலைப் பார்த்ததும் அதனால்தான். வெறும் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ‘இருக்கிறார்’ வந்தால் தமிழ்க் காது ‘அந்த ஆள் அங்கே இருக்கிறார்’ என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பேச்சில் ‘அவர் டிரைவர் இல்லை’ என்றும் சொல்வார்கள், அது தவறு இல்லை, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தினமும் கேட்கலாம். அதனால் சோதனைக்கு ‘இல்லை’யைப் பயன்படுத்தாதீர்கள், அது இரண்டு பக்கமும் பொருந்தி ஏமாற்றிவிடும். ‘அல்ல’ மட்டும்தான் பிரித்துக் காட்டும். (கண்டிப்பான எழுத்துத் தமிழில் ‘அவர் அல்லர்’, ‘அது அன்று’ என்று ஆளுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும். தேர்வு எழுதுகிறவர்கள் அதையும் படித்துக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்கு ‘அல்ல’ போதும்.)

படி 3: இறந்த காலம் வந்தால் ‘ஆக’வைக் கூப்பிடுங்கள்

கிரியோல் நம்மைக் கவிழ்க்கும் இடம் இதுதான். ‘லி மோ ப்ரோஃபேசேர்’ என்பதை இறந்த காலமாக்க நடுவில் ஒரு ‘தி’ போட்டால் போதும்: ‘லி தி மோ ப்ரோஃபேசேர்’. அதே மாதிரி தமிழிலும் ‘இருந்தார்’ என்பதைக் கடைசியில் ஒட்டினால் முடிந்தது என்று நினைத்து ‘அவர் என் ஆசிரியர் இருந்தார்’ என்று எழுதுகிறார்கள். இதற்கும் பழைய கதைதான், ‘என் ஆசிரியர் அங்கே இருந்தார்’ என்று கேட்கும்.

சரியான வடிவம்: அவர் என் ஆசிரியராக இருந்தார்.

பெயர்ச்சொல்லில் காலத்தைக் காட்ட முடியாது. காலம் வேண்டும் என்றால் ஒரு வினை வேண்டும், அந்த வினை வரும்போது பெயருக்கு ‘ஆக’ என்ற ஒட்டு வேண்டும். இரண்டும் ஜோடி. ‘டிரைவராக இருந்தார்’, ‘டிரைவராக இருப்பார்’, ‘டிரைவராக இருந்தால்’. ‘ஆக’ இல்லாமல் ‘இரு’ வந்தால் பொருளே வேறு.

சரி, நிகழ்காலத்திலும் ‘டிரைவராக இருக்கிறார்’ என்று சொல்லலாமா? சொல்லலாம், ஆனால் அது ‘டிரைவர்’ என்பதோடு சரிசமம் இல்லை. ‘அப்பா டிரைவர்’ என்றால் அவர் யார் என்று சொல்கிறீர்கள். ‘அப்பா இப்போது டிரைவராக இருக்கிறார்’ என்றால் முன்பு வேறு வேலை, நாளை மாறலாம், இப்போதைக்கு இது என்ற நிழல் விழுகிறது. வேலைக்கு அது பொருந்தும். மாறாத உறவுக்குப் பொருந்தாது. ‘தேவி என் அக்காவாக இருக்கிறாள்’ என்று எழுதினால், அக்கா இல்லாத யாரோ ஒருத்தி அக்கா இடத்தில் நின்று பார்த்துக்கொள்கிறாள் போலத் தோன்றும். பெயருக்கும் அப்படித்தான், ‘என் பெயர் தேவியாக இருக்கிறது’ என்று யாரும் சொல்வதில்லை.

‘பெரியது’, ‘நல்லது’, ‘புதியது’ போன்ற சொற்களும் இந்தக் கூட்டம்தான், அவையும் தாமாகவே வாக்கியத்தை முடிக்கும். ‘இந்தச் சட்டை பெரியது’ என்றால் அதன் அளவு அது. ‘இந்தச் சட்டை எனக்குப் பெரியதாக இருக்கிறது’ என்றால் போட்டுப் பார்த்தேன், தொளதொளவென்று இருக்கிறது. ‘சட்டை பெரியது இருக்கிறது’ என்பது மட்டும் எங்குமே சேராது. மறுபக்கம், ‘அழகாக’, ‘சூடாக’ என்று ‘ஆக’ ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட சொல் வந்தால் ‘இருக்கிறது’ கட்டாயம். ‘டீ சூடாக’ என்று நிறுத்தினால் கேட்பவர் மீதிக்காகக் காத்திருப்பார்.

படி 4: வயது

இதைத் தனியாக எடுக்கிறேன், ஏனென்றால் என் வகுப்பில் பாதிப் பேர் இங்கே விழுகிறார்கள். கிரியோலில் ‘மோ ஏனா தே ஃப்ரேர்’ என்றால் எனக்கு இரண்டு அண்ணன் தம்பிகள். அந்த ‘ஏனா’வுக்குத் தமிழில் ‘இருக்கிறார்கள்’ என்று கற்றுக்கொள்கிறோம், அது சரி. ஆனால் வயதுக்கும் அதே ‘ஏனா’தான்: ‘மோ ஏனா த்ராந்த் ஆன்.’ உடனே ‘எனக்கு முப்பது வயது இருக்கிறது’ என்று எழுதிவிடுகிறோம்.

தமிழில் ‘எனக்கு முப்பது வயது’, அங்கேயே புள்ளி. வினை வேண்டுமென்றால் ‘ஆகிறது’ போடலாம். ‘இரு’ வயதோடு வருவதும் உண்டு, ஆனால் அது வேறு வேலைக்கு: ‘அவருக்கு ஐம்பது வயது இருக்கும்.’ இது ஊகம். பார்த்தால் ஐம்பது போலத் தெரிகிறது, சரியாகத் தெரியாது என்று பொருள். தன் வயதைப் பற்றியே ‘எனக்கு முப்பது வயது இருக்கும்’ என்றால் பிறந்த வருடம் தெரியாத ஒருவர் பேசுவது போல ஆகிவிடும்.

பணமும் கிட்டத்தட்ட இப்படித்தான். நம் ரூபாய் நோட்டில் தமிழிலும் மதிப்பு எழுதியிருக்கும். ஒரு நோட்டைக் கையில் எடுத்து ‘இது நூறு ரூபாய்’ என்று சொல்லுங்கள். பிறகு பர்ஸைத் திறந்து ‘இதில் நூறு ரூபாய் இருக்கிறது’ என்று சொல்லுங்கள். ‘இது’வுக்கும் ‘இதில்’ என்பதற்கும் உள்ள தூரம்தான் முழுப் பாடமும்.

கிழமைக்கு ஒரு வரி: ‘நேற்று வெள்ளிக்கிழமை’, ‘நாளை காவடி’. நேற்று, நாளை என்ற சொல்லே காலத்தைச் சொல்லிவிடுவதால் ‘இருந்தது’, ‘இருக்கும்’ எதுவும் வேண்டாம்.

படி 5: ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

அத்தையிடம் பேசிய அதே மாணவி அடுத்த வாரம் எழுதி வந்தது, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்:

> என் பெயர் தேவி இருக்கிறது. எனக்கு முப்பது வயது இருக்கிறது. நான் கேஷியர் இருக்கிறேன். என் அப்பா டிரைவர் இருந்தார். எங்கள் வீடு ரோஸ் ஹில். வீடு சின்னது இருக்கிறது. அப்பா டிரைவர் இருந்ததால் எல்லாருக்கும் அவரைத் தெரியும்.

முதல் மூன்றிலும் ‘அல்ல’ சோதனை நடத்துங்கள். ‘என் பெயர் தேவி அல்ல’, ‘எனக்கு முப்பது வயது அல்ல’, ‘நான் கேஷியர் அல்ல’, மூன்றும் நிற்கின்றன, ஆகவே வினையை எடுத்துவிடலாம். நான்காவதில் இறந்த காலம் வேண்டும், அதனால் ‘டிரைவராக இருந்தார்’.

ஐந்தாவதில் தவறு தலைகீழ். அதுவரை வகுப்பில் ‘வினை வேண்டாம், வேண்டாம்’ என்று நான் சொன்னதைக் கேட்டு, தேவைப்படும் இடத்திலும் விட்டுவிட்டார். வீடும் ரோஸ் ஹில்லும் ஒன்றல்ல, வீடு அந்த ஊருக்குள் இருக்கிறது. ‘எங்கள் ஊர் ரோஸ் ஹில்’ என்றால் வினை வேண்டாம், ஏனென்றால் அவை இரண்டும் ஒன்றே. வீடு என்றால் ‘ரோஸ் ஹில்லில் இருக்கிறது’. பேச்சில் ‘வீடு ரோஸ் ஹில்ல’ என்று வினையை விழுங்கிப் பேசுவது வழக்கம்தான், ஆனால் அங்கேயும் அந்த ‘ல’ இருக்கும்.

ஆறாவது ‘சின்னது’, அதோடு முடிந்தது. ஏழாவதில் ‘டிரைவராக இருந்ததால்’. அப்பா இன்னும் அதே வேலையில் இருந்தால் ‘டிரைவர் என்பதால்’ என்று எழுதலாம். வினை இல்லாத வாக்கியத்தை இன்னொன்றோடு சேர்க்க ‘என்று’, ‘என்பதால்’, ‘என்றால்’ இவைதான் கொக்கி.

> என் பெயர் தேவி. எனக்கு முப்பது வயது. நான் கேஷியர். என் அப்பா டிரைவராக இருந்தார். எங்கள் வீடு ரோஸ் ஹில்லில் இருக்கிறது. வீடு சின்னது. அப்பா டிரைவராக இருந்ததால் எல்லாருக்கும் அவரைத் தெரியும்.

பாடப்புத்தகத்தில் ‘மொரிஷியஸின் தலைநகரம் போர்ட் லூயிஸ் ஆகும்’ என்று பார்த்திருப்பீர்களே, அது என்ன என்று தேவி கேட்டார். அந்த ‘ஆகும்’ தவறு இல்லை, வரையறை சொல்லும் கட்டுரை நடை. எடுத்துவிட்டாலும் வாக்கியம் முழுசாகவே இருக்கும். ஆனால் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து ‘இவர் என் அப்பா ஆவார்’ என்று அத்தையிடம் அறிமுகப்படுத்தினால் மேடையில் ஏறி நின்று பேசுவது போல இருக்கும். ‘அத்தை, இவர் என் அப்பா’ என்றால் போதும் என்றேன், அடுத்த சனிக்கிழமை அவரையே கூட்டிக்கொண்டு வந்து அப்படித்தான் சொன்னார்.