டிராக்கர் சொல்லும் சதவீதத்தை நம்பி நான் கெடுத்தது

வீட்டிலிருந்து வேலை செய்யும் டீமுக்குப் புதிதாக லீட் ஆனவர்கள் சிலர் அண்மையில் அடுத்தடுத்து ஒரே கேள்வியோடு வந்தார்கள்: "எந்த டிராக்கர் நல்லது, அண்ணா?" 2021-இல் நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். அப்போது பில்லிங் மென்பொருள் செய்யும் ஒன்பது பேர் டீம் என் பொறுப்பில் இருந்தது. ஊழியரின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவர் கீபோர்டு, மவுஸ் அசைவை எண்ணி, திரையையும் படமெடுக்கும் மென்பொருள் அது. டிராக்கரையும் வாங்கினேன். அதற்குப் பிறகு செய்த தவறுகளில் ஒன்றை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

ஆக்டிவிட்டி சதவீதத்தை உழைப்பு என்று படிப்பது

முதலில் அந்த எண் எப்படி வருகிறது என்று பார்ப்போம். பரவலாக விற்கும் டிராக்கர்கள் பல, நேரத்தைப் பத்து பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டுகின்றன. ஒரு துண்டில் 600 விநாடிகள். அவற்றில் எத்தனை விநாடிகளில் கீபோர்டோ மவுஸோ அசைந்தது என்று எண்ணுகின்றன. 132 விநாடிகள் அசைந்திருந்தால் 22 சதவீதம், அவ்வளவுதான் கணக்கு. என்ன தட்டினார், எதற்காகத் தட்டினார் என்பது அதற்குத் தெரியாது. போனில் கிளையன்டிடம் பேசிக்கொண்டிருந்தவரும் தூங்கிக்கொண்டிருந்தவரும் அதற்கு ஒன்றுதான்.

இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே, அறுபது சதவீதத்துக்குக் கீழே போகிறவர்களுக்கு வாராவாரம் ஒரு மெசேஜ் அனுப்பினேன்.

அந்த மாதம் எங்களுக்கு ஒரு பைசா பிரச்சினை வந்தது. வாடிக்கையாளர் ஒருவரின் பில்லில் ஜிஎஸ்டி கூட்டுத்தொகை எங்கள் திரையில் ஒன்றாகவும் அவர்கள் கணக்குப் புத்தகத்தில் வேறாகவும் வந்தது, எல்லா பில்லிலும் இல்லை, எப்போதாவது. டீமில் இருந்த பையன் ஒருவன் அதை எடுத்துக்கொண்டான். இரண்டு நாள் அவனுடைய ஆக்டிவிட்டி 22-ஐத் தாண்டவில்லை. ஸ்க்ரீன்ஷாட்களைத் திறந்தால் ஒரே பிடிஎஃப் பக்கம் நாற்பது நிமிடம் அசையாமல் நிற்கிறது.

அவன் செய்துகொண்டிருந்தது இதுதான். சிக்கல் பண்ணிய பில்களை பிரின்ட் எடுத்து, பென்சிலால் வரி வரியாகப் போட்டுப் பார்த்திருக்கிறான். 33.30 ரூபாய் பொருள் மூன்று. ஒவ்வொரு வரியிலும் சிஜிஎஸ்டி 9 சதவீதம் போட்டால் 2.997, அதை 3.00 ஆக்கிக் கூட்டினால் 9.00. மொத்தத்தைக் கூட்டி 99.90-க்கு ஒரே தடவை போட்டால் 8.991, அதாவது 8.99. ஒரு பைசா எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. எங்கள் நிரலில் ஓரிடம் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகவும் இன்னோரிடம் மொத்தத்திலும் பைசாவை முழுமையாக்கிக்கொண்டிருந்தது. நிரலில் மாற்றியது ஆறு வரி. ஆறு வரி தட்ட எத்தனை விநாடி ஆகும்?

அந்தத் திருத்தம் வந்த வெள்ளிக்கிழமைதான் என் மெசேஜும் அவனுக்குப் போனது: "ஆக்டிவிட்டி குறைவாக இருக்கு, கொஞ்சம் பார்த்துக்கோ." அவன் "சரிண்ணா" என்றான், வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவனுடைய எண் 71. எனக்கு ஒரே சந்தோஷம். படிக்கும்போதெல்லாம் கீழ் அம்புக்குறிப் பொத்தானை ஒரு விரலால் தட்டிக்கொண்டே இருப்பானாம், அவன் போன பிறகு இன்னொருவர் சொல்லித்தான் தெரியும். மூன்று மாதத்தில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். வரிக்கணக்குப் பகுதியை அவ்வளவு ஆழமாகப் படித்தவர் டீமில் வேறு யாரும் இல்லை. அடுத்த வரி மாற்றம் வந்தபோது புதியவர் அதைப் புரிந்துகொள்ளவே இரண்டு மாதம் பிடித்தது, ரிலீஸும் தள்ளிப்போனது.

அதே மாதம் எங்கள் டீமில் மிக உயர்ந்த ஆக்டிவிட்டி 84. அவர் ஒரு எக்செல் தாளிலிருந்து இன்னொன்றுக்கு நாள் முழுக்க காப்பி, பேஸ்ட் செய்துகொண்டிருந்தார். ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினால் அரை மணியில் முடிகிற வேலை. ஸ்கிரிப்ட் எழுதினால் எண் விழுந்துவிடும் என்று அவர் எழுதவில்லை, கேட்டபோது அவரே சொன்னார். எண்ணுக்குத்தான் வேலை பார்க்கச் சொல்லியிருந்தேன், பார்த்தார்கள். இதில் ஏமாற்றியவர் யார் என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு. அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2024-இல் கீபோர்டு இயங்குவதுபோலப் போலியாகக் காட்டியதற்காகப் பத்துக்கும் மேற்பட்டவர்களை வேலையிலிருந்து நீக்கியது. போலி செய்தது தப்புதான். ஆனால், விசை அசைவதுதான் வேலைக்குச் சாட்சி என்ற எண்ணம் இருக்கிற இடத்தில்தான் விசையை அசைக்கும் கருவிக்கு வேலை இருக்கிறது.

பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில் ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்துக்கு 40,000 யூரோ அபராதம் விதித்தது. அங்கே மூன்று முதல் பதினைந்து நிமிடம் வரை மவுஸ், கீபோர்டு அசையாவிட்டால் அதை வேலையற்ற நேரமாக மென்பொருள் குறித்துக்கொண்டது, ஈடுசெய்யாவிட்டால் சம்பளத்திலும் பிடிக்க வழி வைத்திருந்தார்கள். விசை அசையாத நேரத்தில் மீட்டிங்கோ போன் பேச்சோ நடந்திருக்கலாம், எனவே இது வேலை நேரத்தை அளக்கும் வழியே அல்ல என்பது ஆணையத்தின் வாதங்களில் ஒன்று. எனக்கு அந்தப் பையனுடைய பென்சில் நினைவுக்கு வந்தது.

ஊழியரிடம் சொல்லாமல் டிராக்கரைப் போடுவது

கூடாது.

ஸ்க்ரீன்ஷாட்டை அப்படியே விட்டுவைப்பது

சில மென்பொருள்களில் பத்து நிமிடத்துக்கு மூன்று படம் வரை எடுக்கலாம். எட்டு மணி நேரத்தில் ஒரு ஆளுக்கு 144 படம். அதில் வங்கிக் கணக்கு இருக்கும், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் இருக்கும், உங்கள் வாடிக்கையாளரின் தரவும் இருக்கும். எங்கள் தொகுப்பில் ஒருவர் தன் அம்மாவின் ஸ்கேன் முடிவைப் படித்துக்கொண்டிருந்த படத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மணிக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும் கிளையன்ட் ஆதாரம் கேட்டே தீருவேன் என்றால் நேரப் பதிவை மட்டும் கொடுங்கள், தொடங்குவதும் நிறுத்துவதும் ஊழியர் கையில் இருக்கட்டும். வாடிக்கையாளர் தரவை யார் திறந்தார் என்ற பதிவு வேறு விஷயம். அது பாதுகாப்புக்கு வேண்டியது, அதை வைத்துக்கொண்டு ஆளை அளக்காதீர்கள்.

"சட்டத்தில் இடமிருக்கிறது" என்று நிறுத்திக்கொள்வது

நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான சில நோக்கங்களுக்கு ஊழியரின் ஒப்புதல் இல்லாமலும் தரவைக் கையாள இடம் கொடுக்கிறது. அதைக் காட்டித்தான் பலர் வாதாடுகிறார்கள். சட்டம் விடுகிறதா என்பது ஒரு கேள்வி, அந்த 22 சதவீதம் உண்மை பேசுகிறதா என்பது வேறு கேள்வி.

வெளியீட்டையும் எண்ணிக்கையாக்குவது

டிராக்கரைத் தூக்கியதும் அடுத்து விழுந்த குழி இது. "வாரத்துக்கு இத்தனை டிக்கெட் முடிக்கணும்" என்றோம். முடித்தார்கள். சின்னச் சின்ன டிக்கெட் எல்லாம் பறந்தன, கஷ்டமானதை யாரும் தொடவில்லை. மூடிய டிக்கெட் திங்கட்கிழமை மறுபடி திறந்தது.

இப்போது திங்கள் காலை ஒவ்வொருவரும் நானும் சேர்ந்து நான்கைந்து வரி எழுதுகிறோம். ஒன்று இப்படி இருந்தது: "ரிட்டர்ன் பில்லில் வரி தப்பாக வருவதற்குக் காரணம் கண்டுபிடிப்பது. வியாழனுக்குள் காரணம் எழுத்தில் வரும், திருத்தம் அதன் பிறகு. பழைய முப்பது பில்லை மறுபடி ஓட்டிப் பார்த்து சோதிப்பது இன்னொருவர். புதன் மாலைக்குள் துப்பு கிடைக்காவிட்டால் சொல்லிவிட வேண்டும்." கடைசி வரிதான் ரொம்ப உதவுகிறது. தேங்கி நிற்கிறவர் வெள்ளிக்கிழமை வரை மறைக்க வேண்டியதில்லை, நானும் நடுவில் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

இதிலும் ஓட்டை உண்டு. சப்போர்ட் வேலைக்கு இது அப்படியே பொருந்தாது. காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை யாராவது போன் எடுத்தாக வேண்டும், அதை வெளியீட்டில் எழுத முடியாது. அங்கே நேரத்தைத்தான் பேசிக்கொள்கிறோம், ஷிப்ட் பட்டியலில். போன் எடுக்கப்பட்டதா என்று அழைப்புப் பதிவே சொல்லிவிடுகிறது, மவுஸைக் கேட்க வேண்டியதில்லை.

வெப்கேமராவை நாள் முழுக்கப் போட்டு வைக்கச் சொல்வது

இதைக் கேட்கிறவர்களிடம் நான் டிராக்கர் பற்றியே பேசுவதில்லை.