`hello` என்று மட்டும் தலைப்பிட்ட மின்னஞ்சல் ஏன் திறக்கப்படுவதில்லை?

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனமொன்றில் நான் மெர்ச்சண்டைசராக இருந்தபோது, பெருந்துறைப் பக்கத்துச் சாயப்பட்டறையிலிருந்து ஒருநாள் காலையில் தொலைபேசி வந்தது. "ஏனுங்க, லேப் டிப் அனுப்பி, மெயிலும் போட்டு மூணு நாளாச்சுங்க. எந்த ஷேடுன்னு சொன்னாத்தானுங்க துணியைச் சாயத்துக்குப் போட முடியும்?" என்றார் அதன் மேலாளர். லேப் டிப் என்பது நிறத்துக்கு ஒப்புதல் வாங்கச் சாயமிட்டு அனுப்பும் சிறு துணி மாதிரி. அப்படியொரு மின்னஞ்சலை நான் பார்த்ததாகவே நினைவில்லை. தேடியபோது அது பெட்டியிலேயே திறக்கப்படாமல் கிடந்தது. அதன் தலைப்பு வரியில் `hello` என்ற ஒரு சொல் மட்டுமே இருந்தது.

மின்னஞ்சல் பெட்டியைத் திறக்கிறவர் கண்ணில் முதலில் படுவது கடிதம் அன்று. அனுப்பியவர் பெயர், தலைப்பு, கடிதத்தின் முதற்சில சொற்கள் ஆகிய மூன்றும் அடங்கிய ஒற்றை வரிதான். அன்று அந்த மடலைப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவர் தம் சொந்த முகவரியிலிருந்து அனுப்பியிருந்ததால் பெயர் எனக்குப் பழக்கமில்லை. கடிதமோ "மதிப்பிற்குரிய ஐயா, காலை வணக்கம், நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்" என்று தொடங்கியது. பெயரும் முதல் வரியும் எதையும் சொல்லாத இடத்தில் தலைப்பாவது சொல்லியிருக்க வேண்டும். அதுவும் வணக்கத்தோடு நின்றுவிட்டதால், முழு வரியைப் படித்தும் அது சாயம் பற்றியதா, விற்பனை விளம்பரமா என்று அறிய வழியில்லாமல் போயிற்று. வணக்கம் கடிதத்தின் உள்ளே இருக்க வேண்டியது. தலைப்பில் அது செய்தியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இன்னொரு காரணம் அச்சம். 2004 ஜனவரியில் உலகெங்கும் பரவிய மைடூம் என்ற கணினிப் புழு, `hello`, `hi`, `test` போன்ற தலைப்புகளோடுதான் மின்னஞ்சல்களில் வந்தது. அவற்றோடு வந்த இணைப்புக் கோப்பைத் திறந்தவர்களின் கணினியிலிருந்து பிறருக்கும் தானே போய்க்கொண்டிருந்தது. தெரியாத பெயர், வெறும் வணக்கம், கூடவே ஓர் இணைப்பு என்று மூன்றும் சேர்ந்து வந்தால் தொடாதே என்று அலுவலகங்களில் சொல்லிக்கொடுப்பது இத்தகைய அனுபவங்களால்தான். சாயப்பட்டறை மடலிலும் ஷேடு படங்கள் இணைப்பாகவே இருந்தன.

அதே மடலுக்கு இப்படித் தலைப்பிட்டிருக்கலாம்:

```
PO 4471 நேவி லேப் டிப்: 14-ஆம் தேதிக்குள் ஒப்புதல் தேவை
```

ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இதுவே. முதலில் பெறுபவர் தம் வேலையை அடையாளம் காணும் சொல். எங்கள் தொழிலில் அது ஆர்டர் எண்ணும் நிறமும். அடுத்து அவர் செய்ய வேண்டியது என்ன, எப்போதைக்குள் என்பது. கைபேசியை நிமிர்த்திப் பிடித்தால் ஏறத்தாழ 30, 40 எழுத்துகளே தெரியும், தமிழில் அதைவிடவும் குறையலாம் என்பதால், அடையாளச் சொல் கட்டாயம் முன்னால் நிற்க வேண்டும். "நாளைக்குள்" என்று எழுதாமல் தேதியை எழுதுவதும் முக்கியம்; மடலை மறுநாள் திறப்பவருக்கு "நாளை" என்பது வேறு நாளாகிவிடும்.

இதைச் சொன்னதும் சிலர் எதிர்ப்பக்கம் போய், எல்லா மடலுக்கும் "மிக மிக அவசரம்" என்று தலைப்பிடுகிறார்கள். எது அவசரம் என்று சொல்லாத அவசரமும் `hello` போலத்தான், ஒரு வாரத்தில் அதன் வலு போய்விடும். பதில் மடல் போலத் தோன்றட்டும் என்று புது மடலின் முன்னால் `Re:` சேர்ப்பது அதைவிட மோசம். திறந்தவர் ஏமாற்றப்பட்டதை உணர்ந்தால் அடுத்த மடலையும் நம்பமாட்டார். விலை, வங்கி விவரம் போன்றவற்றைத் தலைப்பில் எழுதலாகாது, ஏனெனில் பூட்டிய கைபேசித் திரையிலும் தலைப்பு தெரியக்கூடும்.

பழைய மடலுக்குப் பதிலாகவே புதுச் செய்தியை எழுதும் பழக்கமும் நம்மிடம் நிறைய உண்டு. அந்தப் பட்டறையோடு எனக்கு நடந்த கடிதப் போக்குவரத்தில் லேப் டிப், நூல் வரவு, பில் பாக்கி மூன்றும் `Re: hello` என்ற ஒரே தலைப்பின் கீழ் குவிந்து கிடந்தன. சில மாதங்கள் கழித்து, பையர் ஒப்புக்கொண்ட ஷேடு ஏ-வா பி-யா என்ற கேள்வி எழுந்தபோது, அந்த ஒரு வரிப் பதிலைக் கண்டெடுக்க எனக்கு அரைநாள் ஆயிற்று. தலைப்பில் ஆர்டர் எண் இருந்திருந்தால், தேடுபெட்டியில் `4471` என்று தட்டியவுடனே முன்னால் வந்து நின்றிருக்கும்.