மீசையைப் பெருப்பித்தால் பொலிஸ்காரர் வருவார்

எங்கள் அலுவலகத்தில் களஞ்சியம் பார்த்தவரை எல்லோரும் ஸ்டோர்ஸ் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஓய்வு பெறும் நாளுக்கு ஒரு கேலிச்சித்திரம் கீறித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். "அவற்ற மீசையை நல்லாப் பெருப்பிச்சு விடு, காணும்" என்று ஆளுக்கொரு தடவை சொல்லிவிட்டும் போனார்கள். நானும் அப்படியே கீறினேன். காதிலிருந்து காது வரை மீசை. வாசல் காவலாளியிடம் படத்தை நீட்டி, ஆர் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆர் தம்பி இவர், பொலிஸில இருந்தவரோ?" என்றார்.

பிரியாவிடைக்குப் படம் கீற உட்காருகிற பலரும் விழுகிற முதல் குழி இதுதான். மீசை, கண்ணாடி, திருநீற்றுக் குறி, சட்டைப்பையில் இரண்டு பேனை எல்லாம் அவரை நினைவூட்டும் பொருள்கள். அவருடைய முகம் அவற்றுக்குப் பின்னால் இருக்கிறது. ஒருவரைப் பற்றிச் சொல்லச் சொன்னால் வாயில் முதலில் வருவது இந்தப் பொருள்களின் பெயர்தான். ஆனால் பெரிய மீசை வைத்த ஆள் ஊரில் நூறு பேர் இருப்பார்கள். பெருப்பிக்கப் பெருப்பிக்க அந்த நூறு பேருக்கும் பொதுவான முகம்தான் தாளில் வரும். ஒரு சின்னச் சோதனை உண்டு. அவருடைய புகைப்படத்தில் அந்த மீசையையோ கண்ணாடியையோ விரலால் மறைத்துப் பாருங்கள். அப்போதும் ஆளைத் தெரிகிறதென்றால், நீங்கள் தேடும் அம்சம் வேறெங்கோ இருக்கிறது. ஸ்டோர்ஸ் அண்ணையின் மீசையை மறைத்தேன். அவர் அப்படியே இருந்தார்.

வேறெங்கே என்று கண்ணால் ஊகிக்காமல் அளந்து பார்ப்பது நல்லது. படம் கீறப் பழகுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொதுக் கணக்கு இது: முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கின் அடி, மூக்கின் அடியிலிருந்து நாடி, மூன்றும் கிட்டத்தட்டச் சம அளவு. கடைசிப் பகுதியில் மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் வாய்க்கோடு வரும். அசல் முகம் எதுவும் இந்தக் கணக்கில் அச்சாகப் பொருந்தாது. பொருந்தாத இடம்தான் நமக்கு வேண்டும். அண்ணைக்கு முடி எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் அவரே சிரிப்பார். ஆகவே முதல் பகுதியை விட்டுவிட்டு, புருவத்திலிருந்து மூக்கடி வரையை அளவுகோலாக எடுத்தேன்.

நேராகப் பார்க்கும் முகம் ஒன்றை ஏ4 தாளில் பெரிதாக அச்சிட்டேன். புருவத்திலிருந்து மூக்கடி 40 மி.மீ. வந்தது. அப்படியானால் மூக்கடியிலிருந்து நாடியும் 40 வரவேண்டும். அளந்தால் 48. சரி, நாடி நீளமாக்கும் என்று நினைத்தேன். ஆனால் வாய்க்கோட்டையும் சேர்த்து அளந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கணக்குப்படி மூக்கடியிலிருந்து வாய்க்கோடு 13 மி.மீ. அளவில் இருக்கவேண்டும், அவருக்கு 21. வாய்க்கோட்டிலிருந்து நாடி 27, அது சாதாரண அளவு. கூடுதலாக இருந்த 8 மி.மீ. முழுவதும் மூக்குக்கும் மேல் சொண்டுக்கும் இடையில் கிடந்தது. மற்றவர்கள் முகத்தில் மீசை வளர இவ்வளவு இடமே இல்லை. எல்லோரும் "மீசை" என்று சொன்னதன் உட்பொருள் அந்த இடம்தான்.

1982இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சூசன் பிரென்னன் என்பவர் கேலிச்சித்திரம் கீறும் கணினி நிரல் ஒன்றை ஆய்வேடாகச் செய்தார். அது மூக்கு, காது என்று எதையும் பெயர் சொல்லித் தேடுவதில்லை. முகத்தின் கோடுகளைச் சராசரி முகத்தின் கோடுகளோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் பெருக்கியது. நாம் அடிமட்டத்தோடு செய்வதும் அதைத்தான், ஒரே ஒரு வித்தியாசத்தோடு நிறுத்திக்கொள்கிறோம் என்பதைத் தவிர.

அடுத்த தவறு எவ்வளவு பெருப்பிப்பது என்பதில் வரும். இதற்கு நான் ட்ரேசிங் பேப்பரைத்தான் நம்புகிறேன். புகைப்படத்தின் மேல் தாளை வைத்து முகத்தை மெல்லிய கோட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கின் அடியோடு கிடையாக வெட்டுங்கள். இப்போது கீழ்த்துண்டை மட்டும் கீழே இழுக்கலாம். எத்தனை மி.மீ. இழுத்தாலும் கண், புருவம், மூக்கு மூன்றும் மேல்துண்டில் அசையாமல் இருக்கும்.

4 மி.மீ. இழுத்தேன். கேலிச்சித்திரமாகத் தெரியவில்லை, ஒழுங்காகக் கீறத் தெரியாதவன் கீறிய உருவப்படம் மாதிரி இருந்தது. பயந்து பயந்து கொஞ்சமாக மாற்றினால் பார்க்கிறவர் அதைப் பிழை என்றுதான் எடுத்துக்கொள்வார். 8 மி.மீ. இழுத்ததும், அதாவது வித்தியாசம் இரட்டிப்பானதும், அண்ணை வந்து உட்கார்ந்துவிட்டார். இடைவெளி இப்போது 29 மி.மீ., மீசை விரிய நல்ல இடம் இருந்தது. ஆசை விடவில்லை, 16க்கு இழுத்துப் பார்த்தேன். இடைவெளி 37, கிட்டத்தட்ட மூக்கின் நீளமே வந்துவிட்டது. முகம் குரங்குச் சாயலுக்குப் போய்விட்டது. மேல் சொண்டு விஷயத்தில் இது உண்மையான ஆபத்து. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயச் சஞ்சிகைக்காரர்கள் அயர்லாந்துக்காரரை இழிவுபடுத்த இந்த இடத்தைத்தான் நீட்டிக் கீறினார்கள். அந்தத் தாளை உடனே கிழித்துப் போட்டேன், யாராவது கண்டு போட்டோ எடுத்துவிட்டால் கதை முடிந்தது.

ஒன்றை நீட்டினால் இன்னொன்று கொடுக்கவேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கீழே 8 மி.மீ. கூடியதும் தலை முழுவதும் நீண்டு, முகம் புடலங்காய் போலத் தொங்கியது. உச்சியில் அதே அளவைக் குறைத்தேன். தலையின் மொத்த உயரம் பழையபடி நின்றது, மேல் சொண்டின் நீளம் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. குறைக்கும்போது புருவத்துக்குக் கீழே கைவைக்கக் கூடாது. இரண்டு கண்ணுக்கும் இடையிலுள்ள தூரம், கண்ணுக்கும் புருவத்துக்கும் இடையிலுள்ள தூரம், மூக்கின் அகலம் ஆகியவற்றை அசல் அளவிலேயே விட்டுவிடுங்கள். ஆளை அடையாளம் காண்கிற வேலை பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் நடக்கிறது. கண்ணைக் கொஞ்சம் பெரிதாக்கினால் அழகாக இருக்குமே என்று தோன்றும், தோன்றட்டும். அழகான வேறொருவர்தான் வருவார். சொண்டும் நீளம், காதும் பெரிது, கண்ணும் முழி என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பெருப்பித்தால் எது அவருடைய அம்சம் என்றே தெரியாமல் போகும்.

இவ்வளவு கவனமாக அளந்தும் படம் பிழைத்தால், பெரும்பாலும் குற்றம் புகைப்படத்தில் இருக்கும். கைபேசியை முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் பிடித்து எடுத்த செல்பியில் மூக்கு வீங்கும், காது பின்னால் ஒதுங்கும். மூக்கு கமராவுக்கு அருகிலும் காது தூரத்திலும் இருப்பதுதான் காரணம். அதை அளந்துவிட்டு "அவருக்கு மூக்குப் பெரிது" என்று தீர்மானித்தால், நீங்கள் கீறுவது கைபேசி செய்த கேலியை. இரண்டு மீற்றராவது தள்ளி நின்று, முகத்தின் உயரத்தில் கைபேசியைப் பிடித்து, சூம் செய்து எடுங்கள். தலை குனிந்திருந்தால் நெற்றி நீளும், நாடி சுருங்கும், அளவு எல்லாம் பொய். செல்பியில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில கைபேசிகள் படத்தை இடவலம் மாற்றிச் சேமிக்கும். மச்சம் வலக்கன்னத்திலிருந்து இடக்கன்னத்துக்குப் போய்விடும், பக்கத்து மேசையில் இருபது வருடம் இருந்தவர்களுக்கு ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரியும், என்னவென்று சொல்லத் தெரியாது.

எதைப் பெருப்பிக்கக் கூடாது என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. நோயால் வந்தது, விபத்தால் வந்தது, விழுந்த பல், தோலின் நிறம் இவற்றை விட்டுவிடுங்கள். அவர் தானே சொல்லிச் சிரிக்கிற விஷயமென்றால் தொடலாம். ஸ்டோர்ஸ் அண்ணை தன் வழுக்கையைப் பற்றி ஒரு நாளைக்கு இரண்டு பகிடியாவது விடுவார், மூக்குக்குக் கீழே உள்ளதைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டார். ஆகவே நீட்டிய சொண்டை வெறுமனே விடவில்லை. வாயின் இரண்டு ஓரத்தையும் கொஞ்சம் மேலே தூக்கி, இடைவெளி முழுவதையும் நரைத்த மீசையால் மூடினேன். பார்க்கிறவருக்கு மீசைதான் தெரியும். சொண்டு அடியில் இருந்து தன் வேலையைச் செய்யும்.

பிறகு சைக்கிள், திறப்புக் கொத்து, பதிவேடு என்று ஆளோடு சேர்ந்த பொருள்கள் எல்லாம். இவற்றைக் கடைசிக்கு வையுங்கள். முகம் வராத இடத்தில் திறப்புக் கொத்தைத் தொங்கவிட்டு ஆளைக் காட்டுவது, படத்துக்குக் கீழே பெயர் எழுதிவிடுவது மாதிரி. முகம் தனியாக ஆளைச் சொன்ன பிறகு திறப்பு ஒன்று போதும். அண்ணைக்கு நான் கொடுத்ததும் அதுதான், காதில் செருகிய பென்சிலையும் அழித்துவிட்டேன்.

சோதிக்கிற விதத்திலும் ஒரு பிழை நடக்கும். "இது அண்ணை மாதிரி இருக்கா?" என்று கேட்டால், உங்களை நோகடிக்க விரும்பாதவர் "ஓம் ஓம், அச்சு" என்பார். பெயரைச் சொல்லாமல், "ஆர் இது?" என்று மட்டும் கேட்கவேண்டும். படத்தைக் கீறியதைப் பார்க்காத ஒருவரிடம், ஒரு கை தூரத்தில் பிடித்து, மூன்று நான்கு எண்ணுவதற்குள் கீழே இறக்கிவிடுங்கள். யோசித்துச் சொல்கிற பதில் கணக்கில் சேராது.

மை போடுவதற்கு முன் பென்சில் படத்தோடு திரும்பவும் வாசலுக்குப் போனேன். காவலாளி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். திறப்புக் கொத்தை விரலால் மறைத்துக்கொண்டு படத்தைக் காட்டினேன். கோப்பையை இறக்கவும் இல்லை.

"எங்கட ஸ்டோர்ஸ் அண்ணையெல்லோ! ஏன் தம்பி, அண்டைக்கு ஒரு பொலிஸ்காரரைக் கொண்டு வந்தனீர், அவர் ஆர்?"