பேஸ் ஒரே இடத்தில் நிற்கும்போது மேலே என்ன நடக்க வேண்டும்: பெடல் பாயிண்ட், ஆஸ்டினாட்டோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேஸில் ஒரே சுரத்தை நிறுத்திவைத்து, மேலே கார்டுகளை மாற்றிக்கொண்டே போனால் அது பெடல் பாயிண்ட். ஒற்றைச் சுரத்துக்குப் பதிலாக ஒரு சின்ன வடிவம் திரும்பத் திரும்ப வந்தால் அது ஆஸ்டினாட்டோ. வாசிக்க இரண்டுமே சுலபம். அதனாலேயே புதிதாக இசையமைப்பவர்கள் முதலில் எடுப்பது இவற்றைத்தான். கீழே ஒன்றை நிறுத்திவிட்டால் பாட்டு தானாக ஒன்றுசேர்ந்துவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். அப்படிச் சேருவதில்லை. எங்கே தவறுகிறது என்று பார்க்க, பியானோ கற்கும் பலரும் வாசித்திருக்கக்கூடிய ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்: பாஹ் 1722-ல் தொகுத்த ‘வெல் டெம்பர்ட் கிளேவியர்’ முதல் பாகத்தின் முதல் பிரிலூட், சி மேஜர். மொத்தம் 35 பார்.

நான் அதிகம் கேட்கும் தவறு, முதல் பாரிலிருந்தே பேஸை நிறுத்திவிடுவது. கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு இது இயல்பாக வரும். தம்பூராவில் சட்ஜமும் பஞ்சமமும் கச்சேரி முழுக்க ஒலிக்கின்றன. அவை அங்கே அளவுகோல், ஒவ்வொரு சுரமும் அவற்றை வைத்தே அளக்கப்படுகிறது. அவை எப்போது நகரும் என்று யாரும் காத்திருப்பதில்லை. பெடல் பாயிண்ட்டின் வேலை வேறு. அதுவரை நகர்ந்துகொண்டிருந்த பேஸ் சட்டென்று நின்றால்தான் அது காதில் விழும். பிரிலூடில் 5-வது பாருக்குப் பிறகு பேஸ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, 19-வது பாரில் ஒரு ஆக்டேவ் கீழே உள்ள சி-யைத் தொடுகிறது. 22-ல் எஃப் ஷார்ப், 23-ல் ஏ ஃபிளாட். இரண்டுக்கும் நடுவில் மிச்சம் இருப்பது ஜி மட்டும்தான். இரண்டு பக்கமும் அரைச்சுரத் தூரத்தில் வந்து நெருக்கிவிட்டு, 24-வது பாரில் பாஹ் அந்த ஜி-யில் போய் நிற்கிறார். 31-வது பார் முடியும்வரை அங்கிருந்து அசைவதில்லை. இந்த 8 பாருக்கு வலு கொடுப்பது முந்தைய 23 பாரின் நடமாட்டம்.

அடுத்தது, மேலே போடும் கார்டுகள். சி-யைப் பேஸில் பிடித்துக்கொண்டு சி மேஜர், ஏ மைனர், எஃப் மேஜர் என்று சுற்றி வருவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒன்றும் நடக்காது. மூன்று கார்டிலும் சி ஏற்கெனவே உண்டு, ஆகவே பேஸ் எதையும் எதிர்த்து நிற்கவில்லை. மேலே வரும் கார்டுக்குச் சொந்தமில்லாத சுரமாகப் பேஸ் ஒரு கட்டத்தில் மாற வேண்டும், அப்புறம் மறுபடியும் சொந்தமாக வேண்டும்.

பாஹ் செய்வதைக் கவனியுங்கள். 24-ல் ஜி செவன்த், பேஸ் கார்டுக்குள்ளேயே இருக்கிறது. 25-ல் மேலே சி மேஜர், அதிலும் ஜி உண்டு. 26-ல் சி, எஃப் இரண்டும் வந்து கார்டைக் கொஞ்சம் தொங்க விடுகின்றன, 27-ல் அது ஜி செவன்த்தாகத் தெளிகிறது. 28-ல்தான் விஷயம். மேலே எஃப் ஷார்ப் டிமினிஷ்ட், அதாவது ஈ ஃபிளாட், ஏ, சி, எஃப் ஷார்ப். கீழே அதே ஜி. உச்சியில் இருக்கும் எஃப் ஷார்ப்பும் அடியில் இருக்கும் ஜி-யும் உரசுவது எத்தனை முறை கேட்டாலும் உறைக்கும். 29-ல் சி மேஜர் வந்து அதைத் தணிக்கிறது, 30-லும் 31-லும் பழைய தொங்கலும் தெளிவும் இன்னொரு முறை. 28-வது பாரை மட்டும் எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். பிழை எதுவும் தெரியாது, ஆனால் ஜி எதற்காக இவ்வளவு நேரம் நிற்கிறது என்ற கேள்வி வந்துவிடும்.

எந்தச் சுரத்தில் நிற்பது என்பதிலும் குழப்பம் உண்டு. ஐந்தாவது சுரத்தில் நின்றால் காது முதல் சுரத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும். முதல் சுரத்தில் நின்றால் வந்து சேர்ந்துவிட்டோம் என்று அமரும். பாட்டின் நடுவில் முதல் சுரத்தில் நீளமாக நின்றுவிட்டு, பிறகு எதைச் செய்தாலும் உச்சம் வரவில்லையே என்று தவிப்பவர்கள் முடிவை முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். பாஹ் 32-ல்தான் சி-க்கு இறங்குகிறார். அப்போதும் முழு ஓய்வு தருவதில்லை. மேலே பி ஃபிளாட் ஒன்றைச் சேர்த்து அந்த சி-யையே எஃப் பக்கம் சாய்க்கிறார். பேஸ் வீடு சேர்ந்துவிட்டது, மேல் குரல்கள் இன்னும் 3 பார் எடுத்துக்கொள்கின்றன.

வாசிப்பதில் வரும் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெடல் பாயிண்ட் என்றதும் காலால் சஸ்டெயின் பெடலை மிதித்து 8 பாரையும் ஒரே மூச்சில் பிடித்துவிடுகிறார்கள். ஜி நிற்கும்தான், கூடவே எஃப் ஷார்ப்பும் எஃப்பும் ஈ ஃபிளாட்டும் ஈ-யும் ஒன்றாகக் குழம்பும். அதற்குத் தேவையே இல்லை, ஏனென்றால் இந்த 8 பாரிலும் ஜி ஒரு பாருக்கு இரண்டு முறை புதிதாக அடிக்கப்படுகிறது. கார்டு மாறும் ஒவ்வொரு பாரின் தொடக்கத்திலாவது காலை எடுத்து மாற்றுங்கள், பேஸ் அறுந்ததாகத் தோன்றாது.

சரி, ஆஸ்டினாட்டோ. இங்கே பெரிய தவறு மெட்டையும் கீழ் வடிவத்தையும் ஒரே அளவில் வெட்டுவது. கீழே 4 பார் வடிவம், மேலே 4 பார் வரி. இரண்டும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடியும். ஒவ்வொரு முடிவிலும் பாட்டு நின்று மறுபடி கிளம்புவது போல இருக்கும், மூன்றாவது சுற்றிலேயே அலுத்துவிடும். ஹென்றி பர்செலின் ‘டைடோ அண்ட் ஏனியஸ்’ ஆபராவில் டைடோ இறப்பதற்கு முன் பாடும் பாட்டைக் கேளுங்கள். பேஸ் வடிவம் 5 பார். ஜி-யிலிருந்து டி வரை அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கி, பிறகு ஜி-க்கே திரும்பும். பாட்டு முழுக்க 11 முறை வருகிறது. பாடுபவளின் வரிகள் பேஸ் திரும்பும் இடத்தில் அடங்கிவிடுவதில்லை. பேஸ் முடிந்து மறுபடி தொடங்கும் இணைப்பை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடுகின்றன. குரல் மூச்செடுக்கும்போது பேஸ் நடந்துகொண்டிருக்கிறது, பேஸ் முடிக்கும்போது குரல் நடுவில் இருக்கிறது. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து நிற்காததால் தையல் வெளியே தெரிவதில்லை. குரல் ஓய்ந்த பிறகும் அந்த வடிவத்தை வாத்தியங்கள் தொடர்கின்றன.

உங்கள் மெட்டில் இதைச் சரிபார்ப்பது சுலபம். பேஸ் வடிவம் முதல் சுரத்துக்குத் திரும்பும் ஒவ்வொரு இடத்தையும் தாளில் குறித்துக்கொண்டு, அங்கே மெட்டும் நிற்கிறதா என்று பாருங்கள். எல்லா இடத்திலும் நின்றால், ஒரு வரியை அரை பார் தள்ளித் தொடங்குங்கள், அல்லது கடைசிச் சுரத்தை அடுத்த சுற்றுக்குள் நீட்டுங்கள். பேஸைத் தொட வேண்டாம்.

அலுத்துவிடுமோ என்ற பயத்தில் பேஸை அடிக்கடி மாற்றிவிடுவதும் நடக்கிறது. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை மாறும் வடிவத்தின் மீது காது சாய்ந்துகொள்ள முடியாது. ரவெல் 1928-ல் எழுதிய ‘பொலேரோ’வில் ஸ்னேர் டிரம்மின் 2 பார் தாளம் தொடக்கத்திலிருந்து வந்துகொண்டே இருக்கிறது, பேஸும் பெரும்பாலும் சி, ஜி-யைச் சுற்றியே நிற்கிறது. மாறுவது வாத்தியங்களும் ஒலியின் அளவும்தான். 340 பாரில் ஏறக்குறைய கடைசியில்தான் எல்லாம் திடீரென்று ஈ மேஜருக்குத் தாவுகிறது. 8 பார் மட்டும். அப்புறம் சி-க்கே திரும்பி, சில பார்களில் முடிந்துவிடுகிறது. அந்தத் தாவலை 100-வது பாரில் வைத்திருந்தால் அது வெறும் சுருதி மாற்றமாகக் கேட்டிருக்கும்.