7 − 3x ≤ 19: குறி எந்த இடத்தில் திரும்புகிறது?

சமன்பாடு போடத் தெரிந்தால் அசமன்பாட்டில் முக்கால்வாசி தெரிந்த மாதிரிதான். உயர்நிலை 2 படிக்கும் என் மகளுக்கும் அப்படித்தான். ‘மைனஸால் வகுத்தால் குறி திரும்பும்’ என்பது மட்டும் ஏன் என்று புரியாமல் என்னிடம் வந்தாள்.

முதலில் இரண்டு பக்கமும் 7-ஐக் கழியுங்கள்.

```
7 − 3x ≤ 19
   −3x ≤ 12
```

கழித்ததற்காகக் குறி திரும்பாது. எண்கோட்டில் எல்லாம் 7 இடம் இடப்பக்கம் நகர்கிறது, அவ்வளவுதான். எது எதற்கு இடப்பக்கம் என்பது மாறுவதில்லை.

அடுத்து −3-ஆல் வகுக்க வேண்டும். அதற்கு முன் ஒரு தாளில் எண்கோடு வரைந்து 2, 5 இரண்டையும் குறியுங்கள். 2 < 5. இப்போது இரண்டையும் −1-ஆல் பெருக்கினால் −2, −5. பூஜ்யத்தில் கண்ணாடி வைத்தது போல இரண்டும் மறுபக்கம் போய்விட்டன. தூரத்தில் இருந்த 5 இடப்பக்கமும் தூரத்திலேயே நிற்கிறது. அதனால் −2 > −5. மைனஸ் எண்ணால் பெருக்கினாலும் வகுத்தாலும் இந்த இடமாற்றம் நடக்கும்.

```
x ≥ −4
```

கோட்டில் காட்டுவோம். ≥ என்பதால் −4-ம் விடையில் சேரும், வட்டத்தை நிரப்புங்கள். வெறும் > என்றால் வெற்று வட்டம்.

```
          ●===============>
--+---+---+---+---+---+---
 -6  -5  -4  -3  -2  -1
```

அப்புறம் சரிபார்ப்பு. x = 0 போட்டால் 7 ≤ 19, சரி. x = −5 போட்டால் 22 ≤ 19, தப்பு. அம்பு 0 இருக்கும் பக்கம்தான் போக வேண்டும். குறியைத் திருப்ப மறந்திருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

எனக்குப் பிடித்த வழி, குறியைத் திருப்பவே தேவையில்லாதபடி 3x-ஐ வலப்பக்கம் கொண்டுபோவது: 7 ≤ 19 + 3x, −12 ≤ 3x, −4 ≤ x. கடைசி வரியை x-இல் தொடங்கி ஒருமுறை வாசித்துவிட்டு வரையுங்கள். கோடு வரையக் கட்டம் போட்ட தாளே போதும். டெஸ்மோஸ் என்ற இணைய வரைபடக் கணிப்பானில் போட்டால் எண்கோடு வராது, தளத்தில் பாதியை நிழலடித்துக் காட்டும். புதிதாகக் கற்பவர்களை அது குழப்பும்.

பின்சேர்க்கை: 3x < −12-இலும் குறியைத் திருப்பணுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வேண்டாம். வகுப்பது 3-ஆல்தான், x < −4. மைனஸ் எங்கே இருக்கிறது என்று பார்க்காதீர்கள், எதனால் வகுக்கிறோம் என்று பாருங்கள்.

இன்னொருவர் கேட்டது: அட்டையில் 20 வெள்ளி, ஒரு பயணத்துக்கு 2 வெள்ளி, 5 வெள்ளியாவது மிஞ்ச வேண்டும். 20 − 2x ≥ 5, ஆக x ≤ 7.5. ஆனால் பேருந்தில் அரைப் பயணம் கிடையாது. எனவே இங்கே அம்புக்கோடு போடக்கூடாது. 0 முதல் 7 வரை எட்டுப் புள்ளிகள் மட்டும்தான்.