கவலை நேரம்: எங்கே பிசகுகிறது?

கவலைப்படுவதற்கென்றே தினமும் அரை மணி நேரத்தை ஒதுக்கி, மற்ற வேளைகளில் தலைகாட்டும் கவலைகளை அதற்குத் தள்ளிப்போடும் முறையை, 1983இல் அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவருடைய குழுவினரும் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம், காரணம் எளிது. பஸ், அலுவலகம், படுக்கை என்று கண்ட இடத்திலெல்லாம் கவலைப்பட்டால், அந்த இடங்களே நாளடைவில் கவலையைக் கிளப்பிவிடும். ஒரே இடம், ஒரே நேரம் என்று குறுக்கும்போது அந்தப் பிணைப்பு தளர்கிறது.

இது புரிந்தால், இரவு பத்து மணிக்குக் கட்டிலில் சாய்ந்தபடி கவலை நேரத்தை நடத்துவது ஏன் தவறு என்பதும் புரியும். தூங்க வேண்டிய இடத்தையே கவலைக்குப் பழக்குகிறோம். மாலை ஆறு மணி, வழக்கமாக உட்காராத ஒரு நாற்காலி என்று வைத்துக்கொள்வது நல்லது.

பலர் சறுக்குவது வேறிடத்தில். தள்ளிவைப்பதை அடக்குவதாக எடுத்துக்கொள்கிறார்கள். வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்று சொல்லப்பட்டவர்களுக்கு அது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்ததை உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் காட்டினார். 'நினைக்காதே' என்பது மனத்திடம் செல்லாது. 'ஆறு மணிக்கு' என்பது பெரும்பாலும் செல்லும்.

அலுவலகத்தில் காலை பதினொரு மணிக்கு ஒருவருக்கு அப்பாவின் ரத்தப் பரிசோதனை பற்றிய பயம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். துண்டுத்தாளில் 'அப்பா ரிப்போர்ட்' என்று மட்டும் எழுதிவிட்டு, கையிலிருக்கும் பில்லுக்குத் திரும்ப வேண்டும். அரைப் பக்கம் எழுதினால் கவலை நேரம் அங்கேயே தொடங்கிவிட்டது என்று பொருள். பத்து நிமிடத்தில் அதே பயம் மறுபடி வந்தால், மறுபடி ஆறு மணிக்கு அனுப்பலாம். அது தோல்வி அல்ல, பயிற்சியே அதுதான்.

ஆறு மணிக்குத் தாளை எடுக்கும்போது, மேலாளர் முறைத்தது போன்ற சில வரிகள் சப்பென்று ஆகியிருக்கும், அடித்துவிடலாம். வேலை இல்லையென்று அந்த நேரத்தையே ரத்து செய்துவிடுவதுதான் தவறு. ஆறு மணி வரும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால், மறுநாள் பதினொரு மணிக்கு மனம் காத்திருக்காது.

'அப்பா ரிப்போர்ட்' மிஞ்சுகிறது. 'நாளை ஒன்பது மணிக்கு லேபுக்குப் போன் செய்ய வேண்டும்' என்பது செய்யக்கூடியது, எழுதிக்கொள்ளலாம். 'பெரிய வியாதியாக இருந்தால்?' என்பதற்கு இன்று விடை கிடையாது. விடை தேடிச் சுற்றாமல், அதையும் ஒரு வரியாக எழுதி அப்படியே விட வேண்டும். அரை மணி முடிந்து கடிகாரம் ஒலித்ததும், யோசனை பாதியில் நின்றாலும், எழுந்து இரவுச் சமையலையோ வேறொரு கைவேலையையோ பார்க்கலாம். 'இன்னும் ஐந்து நிமிடம்' என்று நீட்டுவதுதான் கவலைக்காரர்களுக்கு மிகவும் பிடித்த தவறு.

நெஞ்சுவலியையும் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தையும் ஆறு மணிக்குத் தள்ளிப்போடக் கூடாது. அவற்றுக்கு உடனே மருத்துவ உதவி வேண்டும்.